இங்கிலாந்தில் ட்ரோன் தூக்கப் போகும் நம்மூர் தம்பிகளுக்கு: ஐம்பது மீட்டர் கணக்கு

ஆனித் தேரோட்டத்துக்கு இங்கிலாந்தில் இருந்து திருநெல்வேலிக்கு வந்தவன், வண்ணார்பேட்டையில் நண்பரின் ஸ்டுடியோவில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறார்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, நம்மகிட்ட டிஜிசிஏ பைலட் சர்டிபிகேட் இருக்கு. அங்க சனி ஞாயிறு கல்யாணம் எடுத்தா ஃபீஸுக்கு ஆயிரும்லா?"

ஆகாது. முதல் காரணம் ட்ரோனே இல்லை, விசா. மாணவர் விசாவில் இருப்பவர் அங்கே சுயதொழில் செய்யக் கூடாது. சம்பளத்துக்கு வாரம் இத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது வேறு, நானே பில் போட்டுக் கல்யாணம் எடுக்கிறேன் என்பது வேறு. இரண்டாவது, நம் ஊரில் காசு கட்டி, பயிற்சி எடுத்து வாங்கிய அந்த ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் அங்கே செல்லாது. பிரிட்டன் வெளிநாட்டு ட்ரோன் சான்றிதழ் எதையும் ஏற்பதில்லை. எல்லாம் முதலில் இருந்துதான். அன்றைக்கு அவர்களிடம் வாயால் சொன்னதை, சுயதொழில் செய்ய உரிமையோடு அங்கே வருகிற எல்லாருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

அரசாங்க வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சி.ஏ.ஏ. எனப்படும் அவர்களது விமானத் துறை ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. நாற்பது கேள்வி, முப்பது சரியாக இருந்தால் தேர்ச்சி, கட்டணம் இல்லை. அதில் கிடைப்பது ஃப்ளையர் ஐடி. அதோடு, ட்ரோனுக்குப் பொறுப்பானவர் வருடாவருடம் பணம் கட்டி வாங்கும் ஆபரேட்டர் ஐடி ஒன்றும் வேண்டும். 2026 தொடக்கத்தில் இருந்து நூறு கிராம் ட்ரோனுக்கே ஃப்ளையர் ஐடி தேவை என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் சின்ன ட்ரோன்தானே என்று விடாதீர்கள். ட்ரோன் மேல் ஒட்ட வேண்டியது `GBR-OP-` என்று தொடங்கும் ஆபரேட்டர் எண். `GBR-RP-` என்று தொடங்கும் ஃப்ளையர் எண் உங்களுடையது, அது ட்ரோனில் ஒட்டுவதற்கு இல்லை. இரண்டையும் மாற்றி ஒட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது, மனிதர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பறக்க உதவும் ஏ2 சான்றிதழ். சி.ஏ.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து எழுத வேண்டும். முப்பது கேள்வி, புத்தகம் பார்க்கக் கூடாது, ஐந்து வருடம் செல்லும். காசுக்கு எடுக்கிறவர்களுக்குத் தனி லைசென்ஸ் என்று 2020 முடிவு வரை இருந்தது, இப்போது இல்லை. எவ்வளவு எடை, மனிதர்களுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் கணக்கு. காசு வாங்கினால் கூடுதலாக வருவது இன்சூரன்ஸ். அது சட்டப்படி கட்டாயம்.

நான் அடிபட்டது இதில் எதிலும் இல்லை. எல்லாப் பேப்பரும் கையில் வைத்துக்கொண்டுதான் அடிபட்டேன்.

2023 ஜூலை. பெண் வீட்டார் அம்பாசமுத்திரம் பக்கம், மாப்பிள்ளை இங்கிலாந்திலேயே பிறந்த பையன். நான் இருக்கும் லெஸ்டரில் இருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் ஒரு பழைய மாளிகை, இப்போது ஓட்டலாக இருக்கிறது. முகூர்த்தம் உள்ளே, அப்புறம் எல்லாரும் வெளியே புல்வெளிக்கு வருவார்கள். மொத்தக் கூலி தொள்ளாயிரம் பவுண்டு, அதில் இருநூற்று ஐம்பது ட்ரோனுக்கு. அந்த இருநூற்று ஐம்பதுக்கு நான் சொன்ன வாக்கு ஒரே ஒரு ஷாட்: நூற்று நாற்பது பேர் புல்வெளியில் நிற்க, நடுவில் இருந்து ட்ரோன் எழும்பி மேலே ஒரு சுற்றுச் சுற்றும். நம் ஊரில் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கிற ஷாட்தானே.

என் ட்ரோன் எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம். பழசாக வாங்கியது, எந்த வகை ட்ரோன் என்று தயாரிப்பாளர் இடும் வகுப்புக் குறி எதுவும் இல்லாதது. அப்படிப்பட்ட ட்ரோன் இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்து, கையில் ஏ2 சான்றிதழும் இருந்தால், சம்பந்தமில்லாத மனிதர்களுக்கு ஐம்பது மீட்டர் வரை பக்கம் போகலாம் என்பது விதி. நான் அறுபது மீட்டர் உயரத்தில் சுற்றப் போகிறேன். ஐம்பதுக்கு மேல் பத்து அதிகமாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. இரண்டு வாரம் முன்பே என் ஐடி, சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் வாங்கிச் சரிபார்த்துவிட்டார். கல்யாணத்தன்று காலையில் எனது ஆபத்து மதிப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அதில் 'சம்பந்தமில்லாத நபர்கள்' என்ற இடத்தில் நான் 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"இந்த நூற்று நாற்பது பேரும் யார்?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு வந்தவர்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள்."

"ட்ரோன் பறக்கும் என்று அவர்களிடம் யார் சொன்னது? விழுந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று சொல்லியாயிற்றா?"

சொல்லவில்லை. விதியில் இருப்பது சொந்தமா அந்நியமா என்ற கேள்வியே இல்லை. பறப்பதைத் தெரிந்து, சம்மதித்து, பாதுகாப்புக் குறிப்பைக் கேட்டு, ஏதாவது ஆனால் அதன்படி நகரக்கூடிய ஆள் மட்டும்தான் சம்பந்தப்பட்டவர். கையில் தட்டோடு பேசிக்கொண்டு நிற்கிற மாமா சம்பந்தமில்லாதவர். பத்திரிகையில் 'ட்ரோன் உண்டு' என்று அச்சடித்தாலும் போதாது.

அடுத்ததுதான் எனக்கு நெஞ்சில் இடித்தது. அந்த ஐம்பது மீட்டர் தரையில் அளப்பது, பக்கவாட்டில். உயரம் அந்தக் கணக்கில் சேராது. தலைக்கு நேர் மேலே அறுபது மீட்டரில் நின்றாலும் பக்கவாட்டுத் தூரம் பூஜ்யம்தான். புல்வெளியைக் காலால் அளந்தேன். நீளம் எழுபது மீட்டர் இருக்கும், அகலம் நாற்பத்தைந்து. ஆட்கள் அதில் பரவி நின்றால் எந்த மூலைக்குப் போனாலும் ஐம்பது கிடைக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் குதிரை மேயும் நிலம், அது வேறு ஒருவருடையது, அவரிடம் நான் அனுமதி கேட்டிருக்கவில்லை. கட்டடத்துக்குள் இருப்பவர்களும் அந்த ஐம்பதில் சேர்த்தி என்பதால், எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டாலும் வழியில்லை.

ட்ரோன் பைக்குள்ளேயே இருந்தது. பெண்ணின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "இம்புட்டுப் பேப்பர் வச்சிருக்கீரே, எதுக்கு வே?" என்றார். இருநூற்று ஐம்பதையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். காசைவிட அந்தக் கேள்விதான் பல நாள் கூடவே வந்தது. மேலாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. விதியை மீறிப் பறந்து யார் தலையிலாவது விழுந்திருந்தால், இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அந்தத் தாள் ஒன்றே போதும்.

இதில் நம்மவர்கள் ஏன் மாட்டுகிறோம் என்று யோசித்திருக்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் ட்ரோன் பழகியவன் பார்ப்பது இடத்தை. கூடங்குளம் பக்கம் போகாதே, மகேந்திரகிரி பக்கம் தூக்காதே, விஜயநாராயணத்தில் கடற்படை இருக்கிறது என்று ஸ்டுடியோவில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அந்த இடங்களைத் தாண்டிவிட்டால் ரத வீதியில் ஜனத்துக்கு மேலே பறப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. இங்கிலாந்தில் அதே கவனத்தை ஆளின் மேல் வைக்க வேண்டும்.

சரி, வழி என்ன? ஒன்று, இருநூற்றைம்பது கிராமுக்குக் குறைவான ட்ரோன். அது சம்பந்தமில்லாதவர்களுக்கு மேலே போகலாம். ஆனால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு மேல் அதுவும் போகக் கூடாது. ஆபத்து என்றால் நகர இடமில்லாமல் நிற்பவர்களைத்தான் கூட்டம் என்கிறார்கள். குரூப் போட்டோவுக்குத் தோளோடு தோள் ஒட்டி நிற்பது அதுதான். என் நண்பர் ஒருவர் நிறையச் செலவழித்து ஜி.வி.சி. என்ற பெரிய படிப்பைப் படித்து, செய்முறைத் தேர்வும் முடித்து, அனுமதியும் வாங்கினார், கல்யாணக் கூட்டத்துக்கு மேலே பறக்கலாம் என்ற நம்பிக்கையில். ஊருக்குள்ளே, கட்டடங்கள் நடுவே பெரிய ட்ரோனோடு வேலை செய்ய அது உதவும். கூட்டத்தின் தலைக்கு மேலே போக அதுவும் உதவாது. கல்யாணம் மட்டும் எடுப்பவர் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, வாடிக்கையாளரிடம் காட்டும் பேப்பரையே மாற்றுவது. ஃப்ளையர் ஐடியை மட்டும் நீட்டினால் விவரம் தெரிந்தவர் மதிக்க மாட்டார், வீட்டில் உட்கார்ந்து எழுதும் தேர்வு என்று அவருக்குத் தெரியும். ஏ2 சான்றிதழில் பயிற்சி நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்கும், அவர்களிடம் கேட்டே சரிபார்க்கலாம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் தாளில் 'வணிகப் பயன்பாடு' என்ற வார்த்தையும், 785/2004 என்ற விமான இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பில் சேர்ந்தால் கிடைக்கும் பொழுதுபோக்கு இன்சூரன்ஸில் முதல் வார்த்தை இருக்காது.

இவற்றைவிட எனக்கு வேலை வாங்கிக் கொடுப்பது ஒரே பக்கத் தாள். அந்த இடத்தின் மேலிருந்து பார்க்கும் படத்தை அச்செடுத்து, ட்ரோன் எழும்பும் புள்ளியைக் குறித்து, அதைச் சுற்றி அளவு வைத்து ஐம்பது மீட்டர் வட்டம் போடுகிறேன். வட்டத்துக்குள் நிற்கப் போகிறவர்களின் பெயர், அவர்களிடம் குறிப்புச் சொன்ன நேரம், நிலத்துக்காரரின் அனுமதி, மூன்றும் கீழே. முன்பணம் வாங்கும் முன்பே அதை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறேன். எந்த ஷாட் கிடைக்காது என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அந்தத் தாளில் நான்கு பெயர்: பெண், மாப்பிள்ளை, இரண்டு தோழிகள். மண்டபத்தில் இருந்து எண்பது மீட்டர் தள்ளி ஒரு வயல், சொந்தக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கியது. "சத்தம் மாறினாலோ, நான் கை தூக்கினாலோ மரத்துப் பக்கம் நடங்க, மேலே பார்த்துட்டு நிக்காதீங்க" என்று தமிழிலேயே ஐந்து நிமிடம் சொன்னேன். மாப்பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கல்லிடைக்குறிச்சியில் இருந்து வந்திருந்த ஆச்சி, நானும் பேத்திகூட நிற்கிறேன் என்று கம்பை ஊன்றிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். கை தூக்கினால் ஆச்சியால் மரம் வரை வேகமாக நடக்க முடியாது. அதனால் ஐந்தாவது பெயரை நான் எழுதவில்லை. ட்ரோன் வேலையை முடித்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பேத்தியை வாசலுக்குக் கூட்டி வந்து, ஆச்சியோடு நிற்க வைத்துக் கையில் இருந்த கேமராவில் எடுத்தேன். அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது.