கேன்சல் பண்ணிய பணம் வாலட்டில் மாட்டிக்கிட்டதா?

பாளையங்கோட்டை மதினி யுபிஐயில் 2,400 ரூபாய் கட்டி மிக்சி ஆர்டர் போட்டு, மறுநாளே கேன்சல் பண்ணினாங்க. ரெண்டே நிமிஷத்தில் ரீஃபண்ட் வந்துடுச்சு, ஆனால் அந்த ஆப்பின் வாலட்டுக்கு. கேன்சல் பக்கத்தில் வாலட் என்பதில் ஏற்கெனவே டிக் இருந்ததை யாரும் பார்க்கலை.

அந்தக் கடையில் மட்டும் செல்லும் வாலட் என்றால் பணத்தை வங்கிக்கு மாற்ற வழி இருக்காது, அங்கேயே பொருள் வாங்கித்தான் கழிக்கணும். அதனால் கேன்சலை உறுதி செய்யும் முன் ‘பணம் கட்டிய வழியிலேயே’ என்பதைத் தேர்ந்தெடுங்க. வங்கிக்கு வர சில வேலை நாள் ஆகும், பரவாயில்லை.

ரீஃபண்ட் அனுப்பியாச்சு என்று சொல்லியும் வரலையா? கஸ்டமர் கேரில் அந்த ரீஃபண்டை அடையாளம் காட்டும் 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணைக் கேட்டு வாங்குங்க, அதை வைத்து வங்கியில் தேடச் சொல்லலாம். மதினி மாதிரி வாலட்டுக்குப் போயிருந்தால், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் உடனே பேசிப் பாருங்க, சில கடைகள் மாற்றித் தருவாங்க.