டிராவல்ஸ்காரர் அனுப்பிய விமான டிக்கெட் ஸ்க்ரீன்ஷாட்டைப் படிப்பது எப்படி?

டிராவல்ஸில் டிக்கெட் கேட்டால் முதலில் வாட்ஸ்அப்பில் வருவது ஒரு ஸ்க்ரீன்ஷாட். கறுப்புத் திரை, ஆங்கிலப் பெரிய எழுத்துகள், நடுவில் எண்கள். நம்மில் பலர் தேதி, நேரம், மொத்தத் தொகை மூன்றையும் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறோம். ஆனால் லக்கேஜ் எத்தனை கிலோ, தேதி மாற்றினால் எவ்வளவு போகும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் நாம் தாண்டிப்போகும் வரிகளில்தான் இருக்கின்றன.

துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பும் அப்பா, அம்மா இருவருக்கான சென்னை–துபாய் போக-வர டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். விமான நிறுவனக் குறியீடும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை. வரிகளின் அமைப்பு நிஜத்தில் வருவதைப் போலத்தான்.

```
PNR: K7M2QX
1 XX 541 Q 12MAR MAADXB HK2 0400 0645
2 XX 542 Q 09APR DXBMAA HK2 0245 0810
FARE BASIS: QLX3M  NVA: 12JUN  BAG: 30K
NONEND/CHNG AND REF RESTR
```

படி 1: இது டிக்கெட்டா, வெறும் புக்கிங்கா?

மேலே இருக்கும் ஆறு எழுத்து-எண் கோவைதான் பி.என்.ஆர். அது இருப்பதாலேயே டிக்கெட் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. `HK2` என்றால் இரண்டு பேருக்கு இடம் உறுதி. `HL` என்று இருந்தால் காத்திருப்போர் பட்டியல். இடம் உறுதியாகியும் பணம் கட்டி டிக்கெட் அடிக்காமல் ஏஜென்ட் ஹோல்டில் வைத்திருக்கலாம். கெடு முடிந்ததும் அந்த புக்கிங் தானாகவே ரத்தாகிவிடும்.

டிக்கெட் அடித்ததற்கு அடையாளம் ஒவ்வொருவர் பெயருக்கும் வரும் 13 இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176. நம் ஸ்க்ரீன்ஷாட்டில் அந்த எண் இல்லை, எனவே இது இன்னும் ஹோல்ட்தான். பேரம் பேசவும் கேள்வி கேட்கவும் இதுதான் நேரம்.

டிக்கெட் எண் வந்த பிறகு விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரையும் கடைசிப் பெயரையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் புக்கிங்கைத் திறக்கலாம், மாற்றக்கூட முடியும். "யுஏஇ கிளம்பியாச்சு" என்று டிக்கெட் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதை அதனால்தான் நான் வேண்டாம் என்பேன்.

படி 2: விமான எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து

`XX 541` என்பதை அடுத்து `Q` இருக்கிறதல்லவா, அதுதான் கட்டண வகுப்பு. எகானமி, பிசினஸ் என்பது உட்காரும் இடம். ஒரே எகானமிக்குள்ளேயே விமான நிறுவனம் இருக்கைகளைப் பல விலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறது. `Y` என்பது பொதுவாக எகானமியின் முழு விலை. மற்ற எழுத்துகளின் வரிசையை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது, ஒன்றின் `Q`வை இன்னொன்றின் `Q`வோடு ஒப்பிட முடியாது.

பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு வரும் இரண்டு பேரில், ஒருவர் இலவசமாகத் தேதி மாற்றுவார், இன்னொருவருக்கு ஒரு பைசா திரும்பாது. காரணம் இந்த எழுத்தும், அதிலிருந்து தொடங்கும் `QLX3M` என்ற கட்டணக் குறியீடும்தான். முதல் எழுத்து பெரும்பாலும் வகுப்பையே காட்டும். மீதியில் பழைய வழக்கப்படி `L` என்றால் கூட்டம் குறைந்த பருவம், `X` என்றால் வார நாள், `3M` என்றால் மூன்று மாதத்துக்குள் திரும்ப வேண்டும். எல்லா நிறுவனங்களும் இப்படியே எழுதுவதில்லை. ஆகவே குறியீட்டை வைத்து ஊகிக்காமல், "இந்த ஃபேர் ரூல்ஸை அனுப்புங்க" என்று கேளுங்கள். ஏஜென்ட்டின் திரையில் அது ஒரு கட்டளை தூரத்தில்தான் இருக்கிறது.

`NVA: 12JUN` என்பது இந்தக் கட்டணத்தில் பயணம் செய்யக் கடைசி நாள். அம்மாவைப் பேரன் விடமாட்டேன் என்று அழுதாலும், திரும்பும் தேதியை ஜூன் 12-ஐத் தாண்டித் தள்ள இந்த டிக்கெட் இடம் தராது.

ஆப்பில் நேரடியாக எடுப்பவர்களுக்கு எழுத்துக்குப் பதில் `Lite`, `Saver`, `Flex` என்று பெயர்கள் வரும். பெயர் எதுவானாலும் அதன் கீழே இருக்கும் நிபந்தனைகளைத்தான் படிக்க வேண்டும்.

படி 3: லக்கேஜ்

`BAG: 30K` என்றால் ஒருவருக்குச் செக்-இன் லக்கேஜ் மொத்தம் 30 கிலோ. அதை ஒரே பெட்டியாகவோ இரண்டாகவோ கொண்டுபோகலாம். ஒரு பெட்டி மட்டும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. அதற்கு மேல் தூக்கும் ஊழியர்கள் ஏற்கமாட்டார்கள்.

அமெரிக்கா, கனடா போகிற டிக்கெட்டில் `2PC` என்று வரும். அது எடைக் கணக்கல்ல, பெட்டிக் கணக்கு. எகானமியில் வழக்கமாக ஒரு பெட்டிக்கு 23 கிலோ. இங்கே தலா பத்து கிலோவில் மூன்று பெட்டி கொண்டுபோனால், மொத்த எடை குறைவாக இருந்தாலும் மூன்றாவது பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். ஒரு பெட்டி 28, இன்னொன்று 15 என்று இருந்தாலும் சிக்கல்தான். ஊறுகாயும் மசாலாப் பொடியும் எந்தப் பெட்டியில் என்பதை வீட்டிலேயே எடைபோட்டுத் தீர்த்துவிடுங்கள். `0PC` அல்லது `NIL` என்று இருந்தால் செக்-இன் லக்கேஜே கிடையாது. விலை கவர்ச்சியாக இருக்கும் டிக்கெட்டுகளில் இதை முதலில் தேடுங்கள்.

கைப்பை இந்த வரியில் சேராது. எகானமியில் 7 கிலோ என்பது பரவலான அளவு, ஆனால் அதை நிறுவனத்தின் தளத்தில்தான் உறுதி செய்ய வேண்டும்.

மதுரையிலிருந்து கிளம்புபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதுரை–சென்னை டிக்கெட்டைத் தனி பி.என்.ஆரில் எடுத்தால் அதற்கு உள்நாட்டு அளவுதான் பொருந்தும். எகானமியில் வழக்கமாக 15 கிலோ. துபாய் டிக்கெட்டில் இருக்கும் 30 கிலோ மதுரையில் செல்லாது. மீதி 15 கிலோவுக்கு மதுரை கவுன்டரில் பணம் கட்ட வேண்டிவரும். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட முடியுமா என்று ஹோல்டில் இருக்கும்போதே கேளுங்கள்.

படி 4: மாற்றம், ரத்து

`NONEND/CHNG AND REF RESTR` என்ற வரி சொல்வது: இந்த டிக்கெட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, தேதி மாற்றத்துக்கும் ரீஃபண்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு கட்டுப்பாடு என்பது ஃபேர் ரூல்ஸில் இருக்கும். கேட்டு வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் ஒரு நபருக்கு:

```
BASE FARE 14000  YQ 6000  TAX 3500  TOTAL 23500
CHANGE BEFORE DEP 4000 / AFTER DEP 6000
NOSHOW +5000
CANCEL BEFORE DEP 8000 / AFTER DEP NON-REF
```

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது `BEFORE DEP` என்பதைத்தான். திரும்பும் விமானம் புறப்படுவதற்கு முன் என்று நினைக்கிறார்கள். பயணத்தின் முதல் விமானம் புறப்படுவதற்கு முன் என்பதே அதன் பொருள். மார்ச் 12-ல் சென்னையில் ஏறிவிட்டால், ஏப்ரல் 9 டிக்கெட்டை எத்தனை நாள் முன்னதாக மாற்றினாலும் அது `AFTER DEP` கணக்குதான்.

இப்போது அப்பா, அம்மா துபாயில் இருக்கிறார்கள். ஏப்ரல் 9-ஐ 20-க்கு மாற்ற வேண்டும். மாற்றக் கட்டணம் தலா 6000 ரூபாய். அத்தோடு முடிந்துவிடாது. 20-ஆம் தேதி விமானத்தில் `Q` தீர்ந்துபோய், அடுத்த விலையான `M` மட்டும் இருக்கிறது. திரும்பும் பாதிக்கு வித்தியாசம் 4500 என்றால் தலைக்கு 10,500, இருவருக்கும் 21,000. ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜ் தனி. அதனால் "டேட் சேஞ்ச் ஆறாயிரம்தான்" என்று யாராவது சொன்னால், "ஃபேர் டிஃபரன்ஸ் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். துபாயிலிருந்து புதிதாக ஒருவழி டிக்கெட் தலைக்கு 9000-க்குக் கிடைத்தால் மாற்றாமல் அதையே எடுப்பது லாபம். பழைய டிக்கெட்டின் திரும்பும் பாதியைப் பயன்படுத்தாமல் விட்டால் மேற்கொண்டு நஷ்டமில்லை.

போகும் பாதியை விடுவது மட்டும் ஆபத்து. மார்ச் 12 விமானத்தில் ஏறாமல், வேறு வழியில் துபாய் போய்விட்டுத் திரும்புவதற்கு மட்டும் இந்த டிக்கெட்டைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் நடக்காது. முதல் பாதிக்கு வராவிட்டால் பொதுவாக மிச்சப் பயணம் முழுவதையும் நிறுவனம் ரத்து செய்துவிடும்.

கிளம்பும் முன்பே ரத்து செய்தால்? 23,500-ல் 8000 பிடித்து 15,500 வர வேண்டும். இங்கே `YQ`வைக் கவனியுங்கள். வரிகளோடு சேர்த்துக் காட்டினாலும் அது அரசு வரி அல்ல, விமான நிறுவனமே வைக்கும் கூடுதல் கட்டணம். அது திரும்பாத வகை என்றால் கைக்கு வருவது 9500 மட்டுமே. புக்கிங் தளங்களில் பச்சை எழுத்தில் `Refundable` என்று போட்டிருந்தாலும், ஏதோ ஒரு தொகை திரும்பும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

`NON-REF` என்றிருந்தாலும் எல்லாம் போய்விடாது. இந்திய விமான நிறுவனங்களின் ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக்கூடாது என்பது இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பின் விதி. அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நோ-ஷோ ஆனாலும், அதாவது சொல்லாமலே விமானத்துக்கு வராமல் விட்டாலும் திருப்பித் தர வேண்டும். நீங்களாகக் கேட்காவிட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நாட்டு விதி.

பயணம் இல்லை என்று தெரிந்துவிட்டால் ஏஜென்ட்டுக்கு ராத்திரியே மெசேஜ் போட்டுவிடுங்கள். புறப்படும் நேரம் வரை காத்திருந்தால் நோ-ஷோ பெனால்ட்டியும் சேரும். சில நிறுவனங்கள் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே அந்தக் கணக்கைத் தொடங்கிவிடுகின்றன.