'நம்பர் 1' நீக்கிய பிறகு விற்பனைக்கு வந்த நல்லெண்ணெய்

நாங்கள் விற்கும் இணைய விற்பனைத் தளத்தில் எங்கள் மரச்செக்கு நல்லெண்ணெயின் பக்கம் தேடலில் திடீரென்று காணாமல் போனது. தலைப்பில் 'தமிழ்நாட்டின் நம்பர் 1' என்று இருந்ததை நீக்கினேன், ஆனாலும் பக்கம் திரும்ப வரவில்லை. அப்புறம்தான் மற்ற இடங்களைப் பார்த்தேன். வாங்குபவர் கண்ணில் படாத தேடல் சொற்களில் 'பெஸ்ட்' கிடந்தது. முதல் படத்தில் 'நம்பர் 1' என்று தங்க முத்திரை வேறு. தளத்தில் சரிபார்ப்பவர்கள் படத்தில் உள்ள எழுத்தையும் தலைப்பைப் போலவே வாசிக்கிறார்கள். மூன்றையும் மாற்றிய பிறகே திரும்ப வந்தது.

அந்தத் தளத்தில் எங்கள் எண்ணெய் ஒருநாள் சிறு பிரிவில் முதலிடம் பிடித்தது உண்மைதான். ஆனால் அந்த வரிசை அடிக்கடி மாறும். தளமே போடும் முதலிட அடையாளம் வேறு, நாமாக எழுதிக்கொள்வது வேறு. விளம்பரத் தர நெறியும் இப்படிப்பட்ட கூற்றுக்கு ஆதாரம் கேட்கும்: எதில், எப்போது, யார் கணக்கில் முதலிடம்?

இப்போது தலைப்பு: 'மரச்செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, 1 லிட்டர்'. 'சுத்தமான' என்பதையும் விட்டுவிட்டேன். எதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்குத்தான் உணவுப் பாதுகாப்பு விதி அந்தச் சொல்லை அனுமதிக்கிறது. நாங்களோ கருப்பட்டி போடுகிறோம்.