கிளட்ச் கவரில் இறுகிய ஸ்க்ரூ: தலை தேய்ந்ததை எடுப்பதும் போன மரையைத் திரும்பப் போடுவதும்

பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கவரைக் கழற்றும்போது பத்து ஸ்க்ரூக்களில் ஒன்பது ஒழுங்காக வந்துவிடும். அடிப்பக்கம் பின் மூலையில் இருக்கும் ஒன்று மட்டும் அசையாது. தண்ணீரும் சேறும் வழிந்து வந்து தங்கும் இடம் அதுதான். என்னிடம் உள்ள வண்டியில் அந்த ஒரு ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே யாரோ திருகித் திருகி வட்டக் குழியாகியிருந்தது; அதை ஒருவழியாக வெளியே எடுத்தபோது என்ஜினிலிருந்த மரையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு சிக்கலும் ஒரே ஓட்டையில் இருந்ததால், அதையே எடுத்துக்காட்டாக வைத்து முறையை எழுதுகிறேன். ஆயிலை வடிப்பது, கிக்கரையும் ஃபுட்ரெஸ்ட்டையும் கழற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் இறுகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த வைத்தியம் பலிக்கும் என்பது தானாக விளங்கும். ஸ்க்ரூ இரும்பு, என்ஜின் உறை அலுமினியம். இரண்டுக்கும் இடையே ஈரம் நுழைந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக மாறுகிறது. அந்தப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகளுக்கு நடுவே ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. ஆகவே பலத்தைக் கூட்டுவதைவிட அந்தப் பொடியின் பிடியை உடைப்பதே நம் வேலை.

முதல் படி: சரியான பிட்

தலைகள் தேய்வதற்குப் பெரும்பாலும் துரு காரணமில்லை, பொருந்தாத திருப்புளியே காரணம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் கூட்டல் குறிக் குழி ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தர அளவில் இருக்கும், பல ஸ்க்ரூக்களின் தலையில் சிறு புள்ளி ஒன்றும் அடையாளமாகக் குத்தப்பட்டிருக்கும். சாதாரண பிலிப்ஸ் பிட் அந்தக் குழியின் அடிவரை இறங்காமல் விளிம்பிலேயே நின்றுவிடுவதால், அழுத்தித் திருகும்போது மேலே ஏறி வந்து உலோகத்தை வழித்துவிடுகிறது. இதோடு அளவுக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 6 மி.மீ. கவர் ஸ்க்ரூவுக்கு 3 ஆம் எண் பிட் வேண்டும். பெட்டியில் முதலில் கையில் கிடைப்பதோ 2 ஆம் எண். ஜே.ஐ.எஸ். வகையில் 3 ஆம் எண் பிட் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழியில் அடைந்த அழுக்கை ஊசியால் முழுவதும் கிளறி எடுத்த பிறகே பிட்டை வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: இம்பேக்ட் டிரைவர்

நான் சொல்வது மின்சாரத்தில் ஓடுவதை அல்ல, சுத்தியலால் அடித்து இயக்கும் கைக்கருவியை. அடி விழும்போது அது பிட்டைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே சிறிதளவு திருப்புகிறது. கையால் திருகும்போது பிட் மேலே ஏறும் பிரச்சினை இதில் எழுவதில்லை. கழற்றும் திசையில் அமைத்து, பிடியைக் கையால் இடப்பக்கம் முறுக்கித் தளர்வை எடுத்துவிட்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலால் திடமாக அடியுங்கள். லேசான சுத்தியலால் பலமுறை தட்டுவது தலையைத்தான் நசுக்கும். மற்ற ஸ்க்ரூக்கள் இன்னும் கழற்றப்படாமல் கவரை அசையாமல் பிடித்திருக்கும்போதே, பிடிவாதமானதை முதலில் அசைத்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: எண்ணெயும் சூடும்

அடிக்கு அசையவில்லை என்றால், ஊடுருவும் எண்ணெயைத் தலையைச் சுற்றி விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். ஆனால் கவர் ஸ்க்ரூவில் எண்ணெய் தலைக்கு அடியில் நுழைந்து, கவரின் முழு உயரத்தையும் கடந்த பிறகுதான் மரையைத் தொட வேண்டும்; அது எப்போதும் நடப்பதில்லை. என் நம்பிக்கை சூட்டின் மேல்தான். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது; ஆகவே உறை சூடேறும்போது ஓட்டை ஸ்க்ரூவைவிட அதிகமாக அகலமாகிறது.

சூடேற்றும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வையுங்கள், கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள், முந்தைய நாள் விட்ட எண்ணெயைத் துடைத்து எடுங்கள். நெருப்புச் சுடரை நான் பயன்படுத்துவதில்லை, ஹீட் கன்னே போதும். சூட்டை ஸ்க்ரூவின் தலையில் காட்டாமல், மரை இருக்கும் அலுமினியத்தின் மேல் காட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரியும் அளவுக்குச் சூடு வந்தால் போதும். அதற்கு மேல் போனால் அருகிலுள்ள ஆயில் சீலும் பெயின்ட்டும் கெடும். சூடு ஆறுவதற்குள் இம்பேக்ட் டிரைவரை வைத்து அடியுங்கள்.

இந்த இடத்தில் காதையும் கையையும் கூர்மையாக வைத்திருங்கள். ‘டக்’ என்ற ஒலியோடு சட்டென்று விட்டுக்கொடுத்தால் பொடியின் பிடி உடைந்துவிட்டது என்று பொருள். ஒலியே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல் மெத்தென்று சுழன்றால் ஸ்க்ரூவின் உடல் முறுகிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி, சிறிது இறுக்கும் திசையில் திருப்பி, மீண்டும் சூடேற்றி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும்.

நான்காம் படி: தலை போய்விட்டால்

குழி பாதிதான் தேய்ந்திருந்தால், தட்டையான முனையுள்ள பஞ்ச்சைத் தலையின் மேல் வைத்து அடித்து உலோகத்தைக் குழிக்குள் நெருக்குங்கள். பிறகு பிட்டைச் சுத்தியலால் அதற்குள் அடித்து இறக்கினால் புதிய பிடி கிடைக்கும். முழுவதும் தேய்ந்துவிட்டால் தலையை ட்ரில் செய்து எடுப்பதே வழி. இந்த முறையை நம்பி இறங்க எனக்கே தயக்கமாக இருந்தது. ஸ்க்ரூவைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அதை அழிப்பது எப்படி உதவும் என்று தோன்றும். ஆனால் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்திருப்பதில் பாதி, தலைக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் இழுவிசை. தலை போனதும் அந்த இழுவிசை முழுவதும் போய்விடுகிறது.

தேய்ந்த குழியே நடுப்புள்ளியாக உதவும். 3 மி.மீ. பிட்டில் வழி போட்டு, பிறகு 6 மி.மீ. பிட்டைச் செலுத்துங்கள். தலையின் உயரம் ஏறத்தாழ 4 மி.மீ.தான், எனவே பிட்டின் மேல் அந்த அளவில் ஒட்டுத்துண்டு சுற்றி, அதற்குக் கீழே இறங்காதீர்கள். பிட் தலையின் அடியை எட்டியதும் தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுழலும். மீதி ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கவரை நேராக வெளியே இழுத்தால், தலையில்லாத தண்டு கவரின் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். லாக்கிங் பிளையரால் அதை அடியோடு ஒட்டிப் பிடித்து, உறையைச் சூடேற்றித் திருப்பினால் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும்.

உடைந்த ஸ்க்ரூவை எடுப்பதற்கான ‘ஈஸி அவுட்’ எனப்படும் கூம்புக் கருவியை 6 மி.மீ. ஸ்க்ரூவில் நான் தொடுவதே இல்லை. அது கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் துளைக்காது, ஒரு ஸ்க்ரூவின் சிக்கல் என்ஜினின் சிக்கலாகிவிடும். தண்டே உறையின் மட்டத்தில் உடைந்து போயிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து திருப்பி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நான் பரிந்துரைப்பது.

ஐந்தாம் படி: மரையைத் திரும்பப் போடுவது

வெளியே வந்த ஸ்க்ரூவின் மரையில் வெள்ளி நிறச் சுருள் ஒட்டியிருந்தால் அது உங்கள் என்ஜினின் மரை. உடனே ட்ரில்லை எடுக்காதீர்கள். ஒரு கம்பியை விட்டு ஓட்டையின் ஆழத்தை அளந்து பாருங்கள். பல ஓட்டைகளில் பழைய ஸ்க்ரூ எட்டாத ஆழத்தில் நல்ல மரை மிச்சமிருக்கும். அப்படியானால் பழையதைவிட 5 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஸ்க்ரூ ஒன்றே போதும். ஆனால் அது ஓட்டையின் அடியில் போய் முட்டக் கூடாது. முட்டிய பிறகும் இறுக்கினால் உறை விரிசல் விடும்.

அடிவரை மரை போயிருந்தால், புதிய மரையாக ஓட்டைக்குள் செருகும் கம்பிச்சுருளான ஹெலிகாயில்தான் வழி. பசை ஊற்றி மரை வார்ப்பது சூடும் ஆயிலும் படும் இடத்தில் நிலைப்பதில்லை என்பது என் கருத்து. 6 மி.மீ. அளவில், 1 மி.மீ. மரை இடைவெளிக்கான கிட் வாங்கினால் ட்ரில் பிட், மரை வெட்டும் தனி டேப், கம்பிச்சுருள்கள், செருகும் கருவி ஆகியவை அதிலேயே இருக்கும். அந்த டேப் சாதாரண 6 மி.மீ. டேப் அல்ல, அதைவிடப் பெரியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிளட்ச் பக்கத் திறப்பு முழுவதையும் துணியால் அடைத்த பிறகு, ஓட்டையைக் கிட்டிலுள்ள பிட்டால் (வழக்கமாக 6.3 மி.மீ.) பெரிதாக்குங்கள். பிட் சாய்ந்தால் ஸ்க்ரூவும் சாய்ந்தே நிற்கும். பிட் நீளமாக இருந்து, கவரின் ஓட்டையில் ஆட்டமில்லாமல் நுழையுமானால், கவரை நான்கைந்து ஸ்க்ரூக்களில் மாட்டி அதன் வழியாகவே துளைப்பது நேராக வருவதற்கு எளிய வழி. ஆழத்துக்கு இங்கும் ஒட்டுத்துண்டு அடையாளம் வேண்டும்.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மெதுவாக இறக்கி, நடுவில் ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். முடிந்ததும் ஓட்டையைச் சுத்தம் செய்து, சுருளைக் கருவியில் மாட்டி, கீழே அழுத்தாமல் திருப்பி மட்டும் இறக்குங்கள். அழுத்தினால் சுருள் ஒரு மரையைத் தாண்டி அடுத்ததில் ஏறிவிடும். பின்னோக்கித் திருப்பவும் கூடாது. சுருள் விரிந்து மாட்டிக்கொள்ளும். மேல் முனை உறையின் பரப்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று வரை கீழே போயிருக்க வேண்டும். அது துருத்திக்கொண்டு நின்றால் கேஸ்கெட் உட்காராமல் ஆயில் கசியும். அடியிலுள்ள குறுக்குக் கம்பியைப் பஞ்ச்சால் ஒரே அடியில் உடைத்து, அந்தத் துண்டைக் கிரீஸ் தடவிய கம்பியால் ஒற்றி வெளியே எடுங்கள். துண்டு கைக்கு வரும்வரை கவரை மூடாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துச் செய்த ஒருவர், அடுத்த முறை ஸ்க்ரூவைக் கழற்றியபோது சுருளும் சேர்ந்து வந்ததாகத் தெரிவித்தார். டேப் செய்த ஓட்டையில் எண்ணெய் மிச்சமிருப்பதும் குறுக்குக் கம்பியை உடைக்காமல் விடுவதும் இதற்குக் காரணமாகலாம். ஓட்டையைத் துடைத்துக் காயவிட்டு, சுருளின் வெளிப்புறத்தில் மட்டும் மரைப்பசை ஒரு சொட்டுத் தடவிச் செருகி, இறுகிய பிறகு ஸ்க்ரூவைப் போட்டால் அது தங்கும்.

மாட்டும்போது

பழைய ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக அலன் போல்ட் போடுவதையே நான் விரும்புகிறேன். ஆனால் அலன் கீ தரும் பிடியில் 6 மி.மீ. மரையை உருவிவிடுவது மிகவும் எளிது. மேனுவலில் அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மரை மீண்டும் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மரையில் மெல்லியதாகத் தடவுங்கள். தடவினால் உராய்வு குறைவதால் அந்த வரம்பின் கீழ் அளவிலேயே நிறுத்துங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிபடும் என்பதால் பசை கட்டாயம். எதிரெதிர் மூலைகளாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். வண்டியை ஒருமுறை சூடாகும்வரை ஓட்டிவிட்டு, முழுவதும் ஆறிய பிறகு, அந்த அடிமூலையில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.