‘கமிஷன் இல்லை’ என்னும் பலகையும் ஊரில் விழும் ரூபாயும்

சம்பளம் வாங்கிய வார இறுதியில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாப் பகுதியில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன் நின்று பார்த்தால், ‘கமிஷன் எவ்வளவு?’ என்ற கேள்விதான் அடிக்கடி காதில் விழும். கடைக்காரருக்கு மிக வசதியான கேள்வியும் அதுவே. கமிஷனில் விட்டுக்கொடுப்பதை அவர் ரேட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

உணவகத்தில் வேலை செய்யும் ஒருவர் கையில் 1,500 வெள்ளியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் தேடினால் அன்று ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று காட்டுகிறது (கணக்கு எளிதாக இருக்க நான் எடுத்துக்கொண்ட எண் இது). முதல் கடையில் கமிஷன் கிடையாது, ரேட் 19.55. பக்கத்துக் கடையில் கமிஷன் 10 வெள்ளி, ரேட் 19.80. முதல் கடையில் கொடுத்தால் ஊரில் 29,325 ரூபாய் விழும். இரண்டாவது கடையில் கமிஷன் போக மீதி 1,490 வெள்ளிக்கு 29,502 ரூபாய் விழும். ‘இலவசம்’ என்ற கடையில்தான் 177 ரூபாய் குறைகிறது. கைப்பேசி காட்டிய 20 ரூபாயை எந்தக் கடையும் தராது. அது வங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி. ஆனால் கடையின் ரேட் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பார்க்க அது உதவும். முதல் கடையின் விலகல் வெள்ளிக்கு 45 காசு. 1,500 வெள்ளிக்கு 675 ரூபாய். ரசீதில் எங்கும் எழுதப்படாத கமிஷன் அதுதான்.

இதைப் படித்துவிட்டு, கமிஷன் வாங்கும் கடையே எப்போதும் நல்லது என்று முடிவு கட்டுவதும் தவறு. அதே இரண்டு கடைகளில் 300 வெள்ளி அனுப்பினால் முதல் கடையில் 5,865 ரூபாயும் இரண்டாவதில் 5,742 ரூபாயும் கிடைக்கும். இந்த ரேட்டுகளில் ஏறத்தாழ 790 வெள்ளிக்குக் கீழே முதல் கடையும், அதற்கு மேலே இரண்டாவது கடையும் லாபம். 1,500 வெள்ளியை மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாக இரண்டாவது கடையில் அனுப்புகிறவர், மூன்று முறை கமிஷன் கட்டி 29,106 ரூபாயில் நிற்பார்; முதல் கடையே அவருக்கு மேலாக இருந்திருக்கும். ஆகவே ஒப்பிடும்போது கையிலிருந்து போகும் மொத்த வெள்ளியைச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடைக்கு 1,500 என்றும் மற்றதற்கு 1,500-உம் தனியே 10-உம் என்றும் கணக்கிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: ‘அண்ணே, எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி தருகிறேன், வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?’

பணமாற்றுக் கடைகளின் பலகையைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. அங்கே 100 ரூபாய்க்கு எத்தனை வெள்ளி என்று எழுதியிருப்பார்கள். நாம் ரூபாய் வாங்குகிறவர்கள்; எனவே கடை ‘விற்கும்’ விலையைப் பார்க்க வேண்டும், அதில் சிறிய எண்ணே நமக்கு நல்லது. 5.05 என்றால் வெள்ளிக்கு 19.80 ரூபாய், 5.12 என்றால் 19.53 தான். பெரிய எண்ணைக் கண்டு மகிழ்ந்து உள்ளே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, அந்தப் பலகை நோட்டு மாற்றுவதற்கானது. பணம் அனுப்பும் ரேட் வேறாக இருக்கலாம், அதற்கான உரிமமும் வேறு. 2011ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாரா இரண்டையும் தனித்தனியே அனுமதிக்கிறது. கைப்பேசி காட்டும் நடுவிலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று ரசீது இல்லாமல் ஒருவர் சொன்னால், அவரிடம் ரேட் பேசவே வேண்டாம்.

செயலிகளில் முதல் முறை அனுப்புகிறவருக்கு மட்டும் தரும் சலுகை ரேட்டை நம்பிக் கடையை மாற்றுகிறவர்கள், இரண்டாம் மாத ரேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசித் தவறு, ரசீதில் எழுதிய ரூபாயையும் ஊரில் வந்த குறுஞ்செய்தியையும் ஒத்துப் பார்க்காமல் விடுவது. ரசீதில் கமிஷன், ரேட், ரூபாய்த் தொகை, பரிவர்த்தனை எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பணம் ரூபாயாகவே போயிருந்தால் 29,502 என்பது பெரும்பாலும் அப்படியே 29,502 ஆகத்தான் விழும். குறைந்து விழுந்தால், வழியில் வேறு நாணயமாகப் போய்வந்ததா என்று கேட்க வேண்டும். வங்கி வழியாக டாலரில் அனுப்பினால் வெள்ளி டாலராகி, டாலர் ரூபாயாகி, இரண்டு முறை ரேட்டில் தேயும். இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஊர் வங்கி மாற்றும் தொகைக்கு ஜிஎஸ்டியும் உண்டு. 30,000 ரூபாய்க்கு அந்த வரி 54 ரூபாய்தான் வரும். எனவே 54 ரூபாய் அளவில் குறைந்தால் வரியாக இருக்கலாம். ஐந்நூறு, அறுநூறு என்று குறைந்திருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போய், எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்று பரிவர்த்தனை எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும்.