ஓட்டு வரிசையைக் கவிதையாக்கும்போது வழுக்கும் இடங்கள்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. எங்கள் தெரு முனையிலுள்ள பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் இருபது நிமிடம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, அன்று மாலையே ஒரு கவிதை எழுதினேன். ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கொஞ்ச நாள் கோபமாக இருந்தது. பிறகு ஒருநாள் எடுத்துப் படித்தபோது, திருப்பி அனுப்பியவர் செய்தது சரிதான் என்று புரிந்தது. அந்தக் கவிதை இப்படி இருந்தது:

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
அரசனாகிறான் குடிமகன்
விரல் நுனியில் இருப்பது மையல்ல
விடியலின் கையொப்பம்
வரிசையில் நிற்பவை கால்களல்ல
நாளைய கனவுகள்
ஏழை பணக்காரன் எல்லாரும்
இங்கே ஒன்றுதான்

இதில் என்ன தப்பு என்று கேட்டால், ஓட்டு வரிசையே இதில் இல்லை. ஒருவர்கூட இல்லை. வெயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையில் நிற்காமலேயே, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதை எழுதியிருக்கலாம். இந்தப் பொருளில் எழுதும் பெரும்பாலானோர் முதலில் வழுக்குவது இங்கேதான்: நின்ற இடத்தை விட்டுவிட்டு ஜனநாயகத்துக்குத் தாவிவிடுகிறோம். ‘இது அல்ல, அது’ என்ற அமைப்பு அந்தத் தாவலுக்கு ஊன்றுகோல். மையை மையாகப் பார்க்கப் பொறுமை இல்லாதபோதுதான் அதை மையல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. என் எட்டு வரியில் இது இரண்டு முறை வருகிறது.

பழைய அகப்பாட்டு இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று மூன்று பிரிப்பார்கள். முதல் என்றால் இடமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்துக்கே உரிய பொருள்கள், உயிர்கள். உரி என்றால் உணர்வு. என் கவிதை நேராக உரியில் போய் விழுந்திருந்தது. எனவே திருத்த உட்கார்ந்தபோது முதல் வேலையாக, ஒரு தாளில் கருப்பொருள்களை மட்டும் எழுதினேன்: ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, மடித்து மடித்து நைந்துபோன பூத் சிலிப், கைபிடியில் பழைய பெயின்ட் உரிந்த பள்ளிக்கூட கேட், அடிபம்பு, வராந்தா தூண், சன்னல் வழியே தெரிந்த கரும்பலகை, அதில் யாரோ அழிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு.

அந்த வெள்ளைக் கோட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக்கூடாது என்பது சட்டம். அந்த எல்லையைக் காட்டத்தான் கோடு. அதற்கு அப்பால் கட்சிக்காரர்களின் மேசை, சிலிப் கட்டு, சத்தம். கோட்டைத் தாண்டியதும் கட்சிப் பேச்சு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் யாருக்குப் போடப் போகிறார் என்று நமக்கு ஓரளவு தெரியும், நாம் யாருக்கு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு வேறு எங்கோ திரும்புகிறது. தண்ணீர் வந்ததா, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது. வரிசையின் சிறுபேச்சு வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு இதுதான் காரணம். சொல்லக்கூடாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி நடக்கிற பேச்சு அது. இதைக் கவிதையில் விளக்க வேண்டியதில்லை. கோட்டை முதல் வரியில் வைத்து, தண்ணீரை மூன்றாம் வரியில் வைத்தால் வாசகர் இடையில் இருப்பதைக் கண்டுகொள்வார்.

இரண்டாவது வழுக்கல், பேச்சை எழுதும் விதம். எல்லா ஓட்டு வரிசைக் கவிதைகளிலும் ஒரு பெரியவர் இருப்பார். “யார் வந்தா என்ன தம்பி, நம்ம பொழப்பு நம்ம பொழப்புதான்” என்பார். அவரை நான் இதுவரை எந்த வரிசையிலும் சந்தித்ததில்லை. கவிஞர் தன் கருத்தைச் சொல்ல வாடகைக்குப் பிடித்த ஆள் அவர். உண்மையில் கேட்ட பேச்சு அரைகுறையாக, பாதியில் அறுந்து, பதில் வராமல் இருக்கும். அப்படியே விடுவது நல்லது. இன்னொன்று, சொல்பவரின் நடை எழுத்துத் தமிழில் போகிறதென்றால் பேசுகிறவர்களின் வாய் மட்டும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். ‘நீர் வந்துவிட்டதா என வினவினாள்’ என்று எழுதினால் அடிபம்பே சிரிக்கும். அதற்காக ஒவ்வொரு ஒலியையும் பிய்த்து எழுதவும் வேண்டாம். “உங்க பக்கம் வந்துச்சா?” போதும். ‘என்று பெருமூச்செறிந்தாள்’ என்ற வால் தேவையே இல்லை.

அடுத்தது ஆட்கள். சக்கர நாற்காலிப் பாட்டியும் முதல் ஓட்டுப் போடும் கல்லூரிப் பெண்ணும் மறுநாள் பேப்பர் படத்தில் வருகிறவர்கள். உங்கள் வரிசையில் அவர்கள் உண்மையாகவே இருந்திருந்தால் எழுதுங்கள், ஆனால் படத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்து எழுதுங்கள். 2024 தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டளிக்க விண்ணப்பிக்க வழி இருந்தது. அப்படியிருந்தும் ஒரு பாட்டி வெயிலில் கிளம்பி வந்தாள் என்றால் அவளுக்கு ஏதோ காரணம் இருக்கும். மருமகள் துணைக்கு வராமல் இரண்டு தெரு தாண்டிப் போக அவளுக்குக் கிடைத்த ஒரே நாள் அதுவாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

பக்கத்து வீட்டாரைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது வாக்குச்சாவடியின் நடைமுறை. உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் நம் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் உள்ள வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் கேட்டுத் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காக. மை வைப்பதும் கையொப்பம் வாங்குவதும் அடுத்தவர் வேலை. அதன் பிறகுதான் இயந்திரம். முதலில் எழுதிய கவிதையில் இதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் சன்னலருகே நின்றபோது என் காதில் விழுந்தது என்ன? பதினோரு வருஷமாக ‘இட்லிக்கடை அக்கா’ என்று மட்டுமே எனக்குத் தெரிந்தவரின் சொந்தப் பெயர். ‘மாடி வீட்டு சார்’, ‘ரெண்டாம் நம்பர் ஆன்ட்டி’ என்று வாழ்கிற தெருவில், ஒரு அந்நியர் வாயால் எல்லாருடைய பெயரும் சத்தமாகச் சொல்லப்படுகிற நாள் அது. இதுதான் கவிதை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடியலின் கையொப்பத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் தவறவிட்டேன்.

நடைமுறையைச் சொல்லும்போது சின்னப் பிசகுகளும் கவிதையைக் கவிழ்க்கும். மை வைப்பது இடதுகை ஆள்காட்டி விரலில், நகத்தின் மேல் நுனியிலிருந்து கீழே முதல் கணுவரை ஒரு கோடாக. ‘வலது விரல் புள்ளி’ என்று எழுதினால் ஓட்டுப் போட்ட எவருக்கும் உறுத்தும். பட்டனை அழுத்திய பிறகு மை வைத்ததாக எழுதுகிறவர்களும் உண்டு. 2024 வரிசையில் நின்றபடி செல்பி எடுக்கிற பையனும் சந்தேகத்துக்குரியவனே, ஏனென்றால் அந்தத் தேர்தலில் 100 மீட்டருக்குள் வாக்காளர்கள் செல்போன் வைத்திருக்கக்கூடாது என்று விதி இருந்தது. எந்தத் தேர்தல் என்பதும் முக்கியம். 2021 ஏப்ரலில் நடக்கிற கவிதையில் எதிர்வீட்டுக்காரரின் புன்னகை தெரிந்தால் முகக்கவசம் எங்கே என்று கேட்பேன். அந்த முறை கையில் பிளாஸ்டிக் உறையும் கொடுத்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் முன்னும் பின்னும் நின்று பேசுவதாக எழுதுகிறார்கள். உண்மையில் இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில், வேறுவேறு வேகத்தில் நகரும். ஒருவர் நம்மைத் தாண்டிப் போவதும், மறுபடி நாம் அவர் அருகில் போய் நிற்பதுமாக, பேச்சு தவணையில் நடக்கும். கவிதைக்கு இது வரமல்லவா?

அந்த நகர்வைக் கவிதையின் உருவத்திலும் காட்டலாம். ‘நீண்ட வரிசை’, ‘மணிக்கணக்கில் நின்றோம்’ என்று சொல்வது வாசகரை நிற்க வைக்காது. கேட், அடிபம்பு, தூண், வாசல் என்று கடந்துபோகிற பொருள்களைச் சொல்லி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வெற்று வரி விட்டால் வாசகரும் நம்மோடு நகர்வார். நான் இரண்டாவது முறை எழுதியது இது:

வெள்ளைக் கோட்டுக்கு
இந்தப் பக்கம் வந்ததும்
தண்ணீரைப் பற்றிப் பேசினோம்.

“உங்க பக்கம் வந்துச்சா?”
“விடியக்காலம் நாலு மணிக்கு.”
“எங்களுக்கு அதுவும் இல்ல.”

அடிபம்பு அருகே
ஆண்கள் வரிசை நின்றுவிட்டது.
பெண்கள் வரிசை நாலு அடி போனது.
பூத் சிலிப்பால் விசிறிக்கொண்டே
என்னைத் தாண்டிய இட்லிக்கடை அக்கா
“இன்னிக்குக் கடை லீவு” என்றாள்.

சன்னலில் கரும்பலகை.
அழிக்காத வகுத்தல் கணக்கு,
மீதி மூன்று.

உள்ளே ஒரு குரல்:
அறுநூற்றுப் பதினான்கு,
செந்தாமரை.

யார் அது என்று
எட்டிப் பார்த்தேன்.
அக்கா கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

(அக்காவின் உண்மைப் பெயர் இதுவல்ல, மாற்றியிருக்கிறேன். பட்டியல் எண்ணும் என் கற்பனை.)

கரும்பலகைக்குக் கீழே ‘நாமும் மீதிகள்தானே’ என்று ஒரு வரி இருந்தது. எழுதும்போது ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வாசகரின் விலாவில் முழங்கையால் இடித்துக் ‘கவனித்தாயா’ என்று கேட்பதுபோல் இருந்தது. கணக்கை வைத்துக்கொண்டு வரியை எடுத்துவிட்டேன். கவிதை பழக்கமான ஒரு நண்பர், கணக்கே வேண்டாம், அதுவும் கண்ணடிக்கிறது என்கிறார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகை அங்கே இருந்தது, மீதியும் மூன்றுதான்.

முடிவுதான் கடைசி வழுக்கல். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டி முடிப்பது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். என் பிரதியிலும் கடைசியில் மூன்று வரி கூடுதலாக இருந்தது: அக்காவின் விரலில் மாவு காய்ந்த வெள்ளை, அதன் மேல் ஊதா மை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் அந்த அறைக்கும் நடுவே சன்னல் கம்பியும் இரண்டு முகவர்களின் தலையும் இருந்தன. அவள் விரலை நான் பார்க்கவில்லை. நீட்டிய கை மட்டும்தான் தெரிந்தது.