பெங்களூரு ஏர்போர்ட் டாக்ஸி: ஓசூர், பர்கூர், தருமபுரி ஆட்கள் வாடகையைப் பிரித்துக்கொள்வது எப்படி?

தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து மூன்று பேர் ஒரே காரில் வருகிறார்கள். ஒருவர் ஓசூரில் இறங்குகிறார், ஒருவர் பர்கூரில், கடைசி ஆள் தருமபுரியில். ஓசூரும் தருமபுரியும் பெங்களூரு-சேலம் நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றன. பர்கூருக்கோ கிருஷ்ணகிரியில் சென்னை ரோட்டில் திரும்பி, போய்விட்டு மறுபடி வர வேண்டும். இந்தச் சுற்றை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் பேச்சு முற்றும்.

1. வண்டி ஓடும் தூரத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள். கணக்குக்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். ஏர்போர்ட்-ஓசூர் 75 கி.மீ., ஓசூர்-கிருஷ்ணகிரி 50, கிருஷ்ணகிரி-தருமபுரி 50. வெளியூர் வாடகையில் வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் காசு உண்டு என்பதால் ஒவ்வொரு துண்டையும் இரட்டியுங்கள்: 150, 100, 100.

2. சுற்றைத் தனியாக எழுதுங்கள். ஒருவருடைய சுற்று என்பது, அவர் வண்டியில் இருந்தால் ஓடும் மொத்த தூரத்திலிருந்து, அவர் இல்லாவிட்டால் ஓடும் தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவது. ஓசூர்க்காரருக்காக ஊருக்குள் போய் வர 4 கி.மீ. பர்கூருக்குப் போக 15, வர 15, ஆக 30.

இங்கேதான் பலரும் தவறுவார்கள். பர்கூரிலிருந்து டிரைவர் கிருஷ்ணகிரிக்குத் திரும்பாமல் போச்சம்பள்ளி வழியாகவே தருமபுரிக்கு விட்டால் போக வரக் கணக்கு செல்லாது. அந்த வழி 60 கி.மீ. என்று வையுங்கள். 15 + 60 = 75. அதில் நேர்வழி 50-ஐக் கழித்தால் சுற்று 25 கி.மீ.தான். ஆகவே வண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகும் இடத்திலும் மறுபடி ஏறும் இடத்திலும் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம்.

3. பொது வழியை, அது யாருக்கெல்லாம் தேவையோ அவர்களுக்குள் மட்டும் பிரியுங்கள். சுற்றை அதற்குக் காரணமானவரே ஏற்க வேண்டும். பர்கூர் போய் வரும்போது தருமபுரிக்காரரும் வண்டிக்குள்தான் இருக்கிறார். ஆனால் அந்த 30 கி.மீ.யால் அவருக்கு நேரம்தான் போகிறது, அதற்குக் காசும் கேட்பது நியாயமில்லை.

ஓசூர்: 150 ÷ 3 = 50, சுற்று 4, மொத்தம் 54 கி.மீ.
பர்கூர்: 50 + (100 ÷ 2) + 30 = 130 கி.மீ.
தருமபுரி: 50 + 50 + 100 = 200 கி.மீ.

கூட்டினால் 384. வண்டி ஓடிய தூரமும் அதே 384 (போக 209, திரும்ப 175). இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. கி.மீ.க்கு ₹14 என்றால் ஓசூருக்கு ₹756, பர்கூருக்கு ₹1,820, தருமபுரிக்கு ₹2,800.

ஆளுக்குச் சமமாகப் போட்டால் ஓசூர்க்காரர் ₹1,792 தர வேண்டியிருக்கும். உட்கார்ந்து வந்த தூரத்தின் விகிதத்தில் பிரித்தாலும் அவருக்குச் சுமார் ₹963 வரும். அவர் இறங்கிப் போன பிறகு நடந்த பர்கூர் சுற்றும், தருமபுரியிலிருந்து காலியாகத் திரும்பும் வண்டியும் அவர் கணக்கில் கலந்துவிடுவதுதான் காரணம். பார்க்க நியாயமாகத் தெரிவதாலேயே இந்த விகிதக் கணக்கில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

4. தனியாகப் போனால் ஆகும் தொகையோடு ஒப்பிடுங்கள். பர்கூர்க்காரர் தனியாக வந்தால் 150 + 100 + 30 = 280 கி.மீ., அதாவது ₹3,920. இப்போது தருவது ₹1,820. யாருடைய பங்காவது தனி வாடகையைத் தாண்டினால் கணக்கில் பிழை இருக்கிறது.

5. பேட்டாவும் டோலும். டிரைவர் பேட்டாவை மூன்றாகப் பிரியுங்கள். கர்நாடக வண்டிக்குத் தமிழ்நாட்டு பெர்மிட் கட்டியிருந்தால் அதுவும் மூன்று பங்கு, ஓசூர்க்காரரும் எல்லையைத் தாண்டித்தான் வருகிறார். அத்திப்பள்ளி டோல் மூவருக்கும் உரியது. ஓசூரைத் தாண்டி வரும் கிருஷ்ணகிரி டோலில் அவருக்குப் பங்கில்லை, மற்ற இருவரும் பாதிப் பாதி.

தம்பதியாக இருவர் ஒரே வீட்டில் இறங்கினால் பொது வழியில் அவர்களை இரண்டு தலையாகவே எண்ணுங்கள். சுற்று மட்டும் வீட்டுக்கு ஒன்று. வாசலில் காத்திருந்ததற்கு டிரைவர் காசு கேட்டால் அது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு.

இந்தக் கணக்கு ஒரு சிக்கலையும் தீர்த்துவிடும். ஓசூரில் இறங்குபவரின் பங்கு, அதுவரை ஓடிய தூரத்தையும் தலை எண்ணிக்கையையும் மட்டுமே பொறுத்தது. பர்கூர் சுற்று 30 ஆனாலும் 25 ஆனாலும் அவர் தொகை மாறாது. அதனால் இறங்கும்போதே ஜிபேயில் தருமபுரிக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போகலாம். மொத்த வாடகையை டிரைவரிடம் கொடுப்பது, கடைசியில் இறங்கும் அவர்தான்.